எட்டுத் துணியில் காசி யாத்திரை: எந்த டாப்பும் எந்த பேன்ட்டோடும் சேர வேண்டும்

ஊருக்குப் போகத் துணி எடுத்து வைக்கும்போது நம் வீடுகளில் செட் செட்டாகத்தான் மடித்து வைப்போம். இந்தக் குர்த்திக்கு இந்த லெகிங்ஸ், அதற்கு அந்த பலாசோ, ஒவ்வொன்றுக்கும் அதனதன் துப்பட்டா. துப்பட்டாவைக் கணக்கில் விட்டால் நாலு செட்டுக்கு எட்டுத் துணி, நாலே உடை. அதே எட்டை 5 டாப், 3 பேன்ட் என்று பிரித்து, எந்த டாப்பும் எந்த பேன்ட்டோடும் சேரும்படி நிறம் பார்த்து எடுத்தால் கணக்குப்படி 15 உடை வரும்.

இந்த 15-ஐச் சொல்லித்தான் எல்லோரும் ஆசை காட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. காசி, பிரயாக், கயா என்று போகிற இடத்தில் தினம் ஒரு புது ஜோடி போட்டு யாருக்குக் காட்டப் போகிறோம்? இதன் உண்மையான லாபம் வேறு. செட்டாக எடுத்துப் போனால் டாப்பில் டீ கொட்டியதும் அதன் பேன்ட்டும் சேர்ந்து வேலை நீக்கம் ஆகிவிடும். பேன்ட் காயவில்லை என்றால் சுத்தமான டாப் பைக்குள் சும்மா கிடக்கும். நிறங்கள் எல்லாம் ஒத்துப்போனால் காலையில் எந்த டாப் சுத்தமாக இருக்கிறதோ, எந்த பேன்ட் காய்ந்திருக்கிறதோ, அவ்வளவுதான் கேள்வி. லாட்ஜ் குளியலறையில் துவைத்துக் கொடியில் காயப்போட்டுப் போகிற பயணத்தில் இது எவ்வளவு நிம்மதி என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் போனது டிசம்பரில். போகும்போது ரயில், வரும்போது விமானம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் கையில் கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் கணக்கு என்பதால் அதற்குள் முடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அத்தையும் கூட வந்தார்கள். அவர்களுடையது முழுக்கப் புடவைப் பை, அது தனிக் கதை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பேன்ட். கடைக்குப் போனதும் கண் டாப் பக்கம்தான் ஓடும், அழகெல்லாம் அங்கேதான் தொங்குகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு டாப் 3 பேன்ட்டோடு சேர்ந்தால் போதும், ஒரு பேன்ட் 5 டாப்போடு சேர வேண்டும். அதற்குத்தான் பொறுப்பு அதிகம். அதோடு வியர்வையில் டாப் ஒரே நாளில் துவைக்கப் போய்விடும், பேன்ட் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால்தான் 4, 4 என்று பிரித்தால் 16 வருமே என்று தெரிந்தும் 5, 3 என்று வைத்தேன்.

பேன்ட் நிறத்தில் ஒரு முடிவை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: மூன்றுமே அடர் நிறமா, மூன்றுமே வெளிர் நிறமா, கலந்தா? கலந்து எடுத்தால், ஒன்று நேவி ப்ளூ, ஒன்று சந்தன நிறம் என்று வைத்துக்கொண்டால், டாப் எல்லாம் நடுவாந்தரமாகத்தான் இருக்க வேண்டியிருக்கும். அடர் டாப் நேவியோடு ஒட்டிக்கொண்டு அடையாளம் தெரியாது, க்ரீம் டாப் சந்தனத்தோடு சேர்ந்து வெளிறிப்போகும். நடுவாந்தர டாப்பாகவே ஐந்து தேடுவது சிரமம். மூன்று பேன்ட்டும் அடர் நிறமாக இருந்துவிட்டால் டாப்புக்கு ஒரே நிபந்தனைதான்: வெளிராகவோ பளிச்சென்றோ இருக்க வேண்டும், இருட்டாக இருக்கக் கூடாது. ரயில் படியில் ஏறி இறங்கி, படித்துறையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற பயணத்துக்கு அடர் பேன்ட்தான் வசதியும்கூட.

சரி, எந்த அடர் நிறம்? என் அலமாரியில் இருந்தவை கறுப்பு, நேவி, அரக்கு, அடர் சாம்பல். கறுப்பு எதோடும் சேரும் என்பது உண்மைதான். ஆனால் கறுப்பை எடுத்து வைத்ததும் அத்தை, "காசிக்குப் போறப்ப கறுப்பு எதுக்கும்மா?" என்றார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாஸ்திரத்தை விட்டுவிட்டாலும் எனக்கே கறுப்பின் மேல் ஒரு குறை உண்டு. துவைக்கத் துவைக்க ஒரு கறுப்பு பழுப்படிக்கும், ஒன்று சாம்பலடிக்கும், புழுதி பட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். நேவி இந்த இரண்டிலும் பரவாயில்லை. நேவி ஸ்ட்ரெய்ட் பேன்ட் ஒன்று, அடர் சாம்பல் லெகிங்ஸ் ஒன்று என்று இரண்டு உறுதியானது. மூன்றாவதாக அரக்கை வைக்கத்தான் ஆசை, கடுகு மஞ்சளுக்குக் கீழே அரக்கு என்றால் கோயில் மாதிரி இருக்கும். அது ஏன் வெளியே போனது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதன் இடத்துக்கு வந்தது கடையில் ஆலிவ் க்ரீன் என்று சொல்கிற அடர் பாசிப் பச்சையில் ஒரு பலாசோ.

இப்போது டாப். இங்கேதான் புடவை பார்த்தே வளர்ந்த நம் கண் நம்மை இழுக்கும். நமக்கு அழகு என்றாலே கான்ட்ராஸ்ட். கிளிப்பச்சை உடலுக்கு அரக்குக் கரை, மயில்கழுத்துக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ. ஒரு புடவைக்குள் இது அற்புதம், ஏனென்றால் அந்த இரண்டு நிறமும் ஒன்றுக்கொன்று என்றே நெய்யப்பட்டவை. ஆனால் கிளிப்பச்சைக் குர்த்தியை எடுத்து நேவியோடு வையுங்கள், சரிதான். சாம்பலோடு வையுங்கள், போகலாம். பாசிப் பச்சையோடு வையுங்கள், இரண்டு பச்சையும் சண்டை போடும். ஒரு டாப் ஒரே ஒரு பேன்ட்டோடு எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் செல்லாது. மூன்றில் எதோடு மிக மோசமாக இருக்கிறதோ, அந்த ஜோடி போட்டுக்கொண்டு வெளியே போகிற அளவுக்கு இருக்கிறதா என்பதுதான் தேர்வு. என்னிடமிருந்த மயில்கழுத்துக் குர்த்தி, எனக்கு மிகப் பிடித்தது, இதில்தான் தோற்றது. நேவிக்கு மேலே போட்டால் இரண்டும் ஒரே இருட்டு, பாசிப் பச்சைக்கு மேலே போட்டால் கலங்கல்.

இதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது கஷ்டம், பிடித்த நிறம் என்றால் கண் சமாதானம் சொல்லும். அதற்கு நான் செய்வது இது. பேன்ட் மூன்றையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற பகல் நேரத்தில், ஒவ்வொரு டாப்பாக மூன்றுக்கும் குறுக்கே படுக்க வைத்து போனில் ஒரு படம். அப்புறம் அந்தப் படத்தை போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. நிறம் போய்விட்டால் மிஞ்சுவது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான். நேவியும் அரக்கும் மயில்கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகத் தெரியும், அட இவ்வளவுதானா என்று இருக்கும். கடுகு மஞ்சள், வெங்காயக் கலர், வெளிர் நீலம் எல்லாம் மூன்று பேன்ட்டிலிருந்தும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். படத்தில் டாப் எங்கே முடிகிறது, பேன்ட் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தால் அந்த டாப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம்.

இந்தப் படத்துக்கு ஒரு எல்லை உண்டு. வெளிச்ச வித்தியாசம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும், நிறங்கள் ஒன்றையொன்று முறைக்கின்றனவா என்பதைச் சொல்லாது. கிளிப்பச்சை கறுப்பு வெள்ளையில் எளிதாகத் தேறிவிடும். அதனால் முதலில் கறுப்பு வெள்ளை, அதில் தேறியதை மறுபடி கலரில் பார்ப்பது.

கலரில் பார்க்கும்போது நான் பயப்படுவது கிட்டத்தட்டப் பொருந்துகிற நிறத்துக்குத்தான். நேவி பேன்ட்டுக்கு வெளிர் நீல டாப் நன்றாக இருக்கும், இரண்டும் நீலக் குடும்பம், தூரம் தெளிவாக இருக்கிறது. நேவி பேன்ட்டுக்குக் கொஞ்சம் வேறு நேவியில் ஒரு டாப் போட்டால், செட் வாங்கப் போய் ஏமாந்த மாதிரி இருக்கும். இது கடை வெளிச்சத்தில் இன்னும் மோசம். இரண்டு துணிக்கு வேறு வேறு சாயம் ஏற்றியிருந்தால் ஒரு விளக்கின் கீழே ஒன்றாகத் தெரிவது வெயிலில் வேறாகிவிடும். நேவியில் ஒன்று ஊதா அடிக்கும், ஒன்று பச்சை அடிக்கும். டி.நகர் ரங்கநாதன் தெருவில் லெகிங்ஸ் அடுக்கி வைத்திருக்கிற கடைகளில் ஒரே நிறத்திலேயே வரிசையாக ஷேடுகள் இருக்கும். அண்ணா, வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துக்கறேன் என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் தேறிய ஐந்து: கடுகு மஞ்சளில் ப்ளெயின் காட்டன் குர்த்தி, வெங்காயக் கலரில் ஒன்று, வெளிர் நீலம் ஒன்று, சந்தன நிறத்தில் மெல்லிய கோடு போட்டது ஒன்று, அப்புறம் க்ரீம் தரையில் நேவியும் கடுகும் கலந்த சின்னப் பூப்போட்டது ஒன்று. பிரின்ட் என்றால் தரை நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறேன், தூரத்திலிருந்து தெரிவது அதுதான். பூவில் ஒரு நிறமாவது பேன்ட்டுகளில் ஒன்றாக இருந்தால் தைத்து வைத்த மாதிரி அமையும். பேன்ட்டில் பிரின்ட் கிடையாது, மூன்றும் ப்ளெயின். பேன்ட்டில் ஒரு பூ போட்டுவிட்டால் பூப்போட்ட டாப்பும் கோடு போட்ட டாப்பும் அதோடு சேராது, அந்த இரண்டு உடை கணக்கிலிருந்து போய்விடும்.

வெட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நிறம் எல்லாம் சேர்ந்தும் குட்டை டாப்பை லெகிங்ஸோடு போட முடியாமல் நின்றால் என்ன பயன்? முழங்கால் வரை வந்து பக்கத்தில் ஸ்லிட் இருக்கிற நேர்க் குர்த்தி மூன்று வகை பேன்ட்டுக்கும் சரிப்படும், ஐந்தும் அப்படித்தான்.

துப்பட்டா இரண்டு. ஒன்று நேவி, கடுகு, வெங்காயம் மூன்றும் இருக்கிற பிரின்ட், ப்ளெயின் டாப்புகளுக்கு. இன்னொன்று ப்ளெயின் சாம்பல், பூப்போட்டதற்கும் கோடு போட்டதற்கும். குளிருக்கு ஸ்வெட்டர் ஒன்றுதான், அது நேவி. ஸ்வெட்டரைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. டிசம்பரில் காசியில் விடிகாலையில் பனிமூட்டம், குளிர் 10 டிகிரிக்கும் கீழே போகும், அப்போது ஊருக்குத் தெரிகிற டாப் ஸ்வெட்டர்தான். வீட்டில் கிடந்த ரோஸ் கலர் ஸ்வெட்டரைக் கடைசி நிமிடத்தில் திணித்தால் உள்ளே பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிறமெல்லாம் வீண்.

இப்போது அரக்குக்கு வருகிறேன். ஊரில் வாஷிங் மெஷினில் வெள்ளை தனி, கலர் தனி என்று போடுகிறோம். லாட்ஜில் ஒரே பக்கெட். இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வந்து ஒரு டாப், ஒரு பேன்ட், ஒரு துப்பட்டா என்று ஒன்றாகத்தான் ஊற வைப்போம். அதனால் எட்டும் கண்ணுக்குச் சேர்ந்தால் மட்டும் போதாது, பக்கெட்டுக்குள்ளும் சேர வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு அடர் துணியையும் சோதித்தேன். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் உள்பக்கத் தையல் மடிப்பில் வைத்து, விரலால் அழுத்திப் பத்துத் தடவை தேய்ப்பது. நேவி ஒன்றும் காட்டவில்லை. சாம்பல் லேசாக ஒரு நிழல். அரக்கு லெகிங்ஸ் கைக்குட்டையில் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவப்பை இறக்கியது. க்ரீம் டாப்போடு இதை ஒரு பக்கெட்டில் போட்டால் அப்புறம் க்ரீம் டாப் என்று ஒன்று இருக்காது.

கல்லுப்பு போட்டு ஊறவை, சாயம் நின்றுவிடும் என்றார்கள் அத்தை. நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சாயம் ஏற்றும்போது உப்பு போடுவது சாயத்தைத் துணிக்குள் தள்ள. தைத்து விற்ற துணியை உப்புத் தண்ணீரில் ஊற வைப்பதை நம்பி வெள்ளைத் துணியைக் கூடப் போட முடியாது. உண்மையில் உதவுவது தனியாகப் பல தடவை அலசி, மேலே ஒட்டியிருக்கிற உபரிச் சாயத்தை வெளியேற்றுவது. அதற்கு நேரம் வேண்டும். இரண்டு மூன்று தடவை அலசிய பிறகும் கைக்குட்டை சிவந்தால் அந்தத் துணி வெளியூருக்கு லாயக்கில்லை. அவுரியில் சாயமேற்றிய நீலத் துணி இருந்தால் காய்ந்த கைக்குட்டையாலும் தேய்த்துப் பாருங்கள். நனையாமலே உரசலில் நிறம் விடுவது அதன் குணம், வெளிர் பையிலும் வெளிர் டாப்பின் ஓரத்திலும் நீலம் ஏறும்.

சரி, நடந்தது என்ன? காசியில் முதல் நாள் மாலை ஆரத்திக்குப் படகில் போனபோது நேவி பேன்ட்டின் ஓரம் நனைந்து சேறானது. கூட்டத்தில் மண்குவளை டீ வெளிர் நீல டாப்பில் கொட்டியது. இரண்டையும் இரவே அலசிப் போட்டேன். காலையில் டாப் காய்ந்துவிட்டது, பேன்ட்டின் இடுப்பு எலாஸ்டிக் அப்படியே ஈரம், பனிமூட்டத்தில் அது மதியம் வரை காய்கிற வழியில்லை. பாசிப் பச்சை பலாசோ, வெளிர் நீல டாப், சாம்பல் துப்பட்டா என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் இந்த ஜோடியை நானாக எடுத்திருக்கவே மாட்டேன், ஆனால் பார்க்க ஒரு உறுத்தலும் இல்லை. பிரயாக் சங்கமத்தில் முழுக்குப் போட்டதும் இதே மாதிரிதான், ஈரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிவிட்டுக் கைக்கு வந்த டாப்பையும் பேன்ட்டையும் மாற்றிக்கொண்டு வந்தாயிற்று.

பாசிப் பச்சை பலாசோ நிறத்தில் நன்றாகத் தேறியது, துணியில் தேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ரேயான். ரேயான் தண்ணீரை நிறையக் குடிக்கும், நனைந்தால் கனக்கும், நனைந்த நிலையில் பலமும் குறைந்துவிடும் என்பதால் முறுக்கிப் பிழியவும் பயம். உலர்ந்த துண்டை விரித்து, அதன் மேல் பலாசோவைப் போட்டுப் பாய் மாதிரி சுருட்டி, முழங்காலால் அழுத்தினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்படிச் செய்தும் குளிர் ஊரில் ஒரு இரவு போதவில்லை. மூன்று பேன்ட்டில் ஒன்றாவது பாலியஸ்டர் கலந்ததாக இருந்தால், எப்போதும் ஒன்று காய்ந்து கையில் இருக்கும்.

இந்தக் கணக்குக்குள் வராத உடைகளும் உண்டு. கயாவில் பித்ரு காரியம் என்றால் புடவைதான். அதற்கு ஒரு புடவை, பாவாடை, ப்ளவுஸ் தனியாக, எட்டோடு சேர்க்காமல். அதையும் கலந்து உடுத்தும்படி செய்கிறேன் என்று மூளையைக் கசக்க வேண்டாம், ஒரு நாள் தேவை, ஒரு சுங்குடி போதும், சீக்கிரம் காயும். பட்டு எதுவும் வேண்டாம்.

ஆண்களுக்கு இதெல்லாம் பாதி வேலை. வெள்ளை வேட்டியோடு சேராத சட்டை எது, சொல்லுங்கள். என் கணவர் ஒரு நேவி பேன்ட், ஒரு சாம்பல் பேன்ட், இரண்டு வேட்டி, நாலு வெளிர் சட்டை என்று ஐந்து நிமிடத்தில் மூட்டை கட்டிவிட்டு, நான் கட்டிலில் படம் பிடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எடையையும் கேட்பீர்கள். காட்டன் குர்த்தி ஒன்று 200 முதல் 250 கிராம், பேன்ட் அதற்குக் கொஞ்சம் மேலே. எட்டும் சேர்ந்து 2 கிலோவைச் சுற்றி வரும், ஒரு செட் எப்போதும் உடம்பில் இருப்பதால் பைக்குள் இன்னும் குறைவு. ஜீன்ஸ் ஒன்றே அரைக் கிலோவுக்கு மேல் போகும், காய்வதற்கும் நாளாகும், அதனால் நேவிக்கு ஜீன்ஸை வைக்கவில்லை.

போன இடத்தில் வாங்குவதுதான் மிச்சமுள்ள ஆபத்து. காசியில் கடைத்தெருவில் நடந்தால் கை சும்மா இருக்காது. அந்தப் பேன்ட் படம் போனில் இருப்பது இங்கேதான் உதவுகிறது. ஒரு குர்த்தி பிடித்தால், அன்று போட்டிருக்கிற பேன்ட்டோடு மட்டும் வைத்துப் பார்த்து மயங்காமல், வாசலுக்குக் கொண்டுவந்து பிரின்ட் துப்பட்டாவின் மேல் வைக்கிறேன். துப்பட்டாவில் நேவி, கடுகு, வெங்காயம் மூன்றும் இருப்பதால் அதுவே ஒரு நிற அட்டை. அதில் எதோடும் முறைக்காமல், போன் படத்தில் மூன்று பேன்ட்டையும் விட வெளிராக இருந்தால் அது பயணத்துக்கான டாப், வாங்கி அடுத்த நாளே போடலாம். இல்லையென்றாலும் வாங்கலாம், யார் தடுத்தது, ஆனால் அது ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டியது. அதைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்க்கிற வரை லாட்ஜ் பக்கெட்டில் மற்றவற்றோடு போடாதீர்கள். கடைக்காரர் கலர் கியாரண்டி என்று சொல்லத்தான் செய்வார்.